பத்து முறை எழுதினாள், ஒரு முறைகூடப் படிக்கவில்லை

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மேடையில் பேசி எனக்குப் பழக்கம் இல்லை. வங்கியில் முப்பது வருடத்துக்கு மேல் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து வேலை பார்த்தவள். படித்தது பி.காம். ஆசிரியர் பயிற்சியும் கிடையாது. செயலாளர் சார்தான், "மேடம், பேத்திக்கு நீங்கள் சொல்லிக் கொடுப்பதை எல்லாருக்கும் சொல்லுங்களேன்" என்றார். நம் மூன்று பிளாக்கிலும் யூ.கே.ஜி. படிக்கிற குழந்தைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எந்த மாடியில் நடந்தாலும் ஏதாவது ஒரு வீட்டில் "எழுது, எழுது" என்ற சத்தமும் பின்னாலேயே ஒரு அழுகையும் கேட்கிறது. எங்கள் வீட்டிலும் கேட்டது. அதனால்தான் பேசச் சம்மதித்தேன்.

போன வருடம் பேத்திக்கு ஐந்து வயது. பள்ளியில் சைட் வேர்ட்ஸ் ஆரம்பித்தார்கள். வாரம் ஐந்து சொல், ஒவ்வொன்றையும் நாலு கோடு நோட்டில் பத்து முறை எழுதி வர வேண்டும். சைட் வேர்ட்ஸ் என்றால், பார்த்தவுடன் எழுத்துக் கூட்டாமல் படிக்க வேண்டிய சொற்கள். தி, வாஸ், செட், யூ, கம், ஹேவ் மாதிரி. அமெரிக்காவில் எட்வர்ட் டால்ச் என்ற பேராசிரியர் 1936-ல் இப்படி 220 சொற்களைப் பட்டியல் போட்டார். இன்றும் பல பள்ளிகள் பயன்படுத்துவது அந்தப் பட்டியலைத்தான், அல்லது அதிலிருந்து எடுத்ததை. நாய், பூனை, பந்து மாதிரிப் பெயர்ச்சொல் ஒன்றுகூட அந்த 220-ல் இல்லை. அவற்றுக்கு அவர் தனிப் பட்டியல் வைத்தார். இந்தச் சொற்களுக்குப் படம் போட முடியாது. 'செட்' என்ற சொல்லுக்கு என்ன படம் போடுவீர்கள்? ஆனால் எந்தக் கதைப் புத்தகத்தைப் பிரித்தாலும் வரிக்கு இரண்டு மூன்று வந்துவிடும். அங்கே தடுக்கினால் கதையே நின்றுவிடும்.

ஒரு நாள் 'செட்' எழுதும் வேலை. எஸ், ஏ, ஐ, டி. நான் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பேத்தி முதலில் பத்து வரியிலும் எஸ் மட்டும் போட்டாள், மேலிருந்து கீழே. பிறகு பத்து ஏ, பத்து ஐ, கடைசியில் பத்து டி. ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டாள். எழுத்து முத்து மாதிரி இருந்தது. மறுநாள் நட்சத்திரமும் வாங்கி வந்தாள். அன்று ராத்திரி கதைப் புத்தகத்தில் அதே சொல்லைக் காட்டினேன். என் முகத்தைப் பார்த்து, "சன்?" என்றாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. இதே வேலையை நானும் வருடக்கணக்காகச் செய்திருக்கிறேன். லெட்ஜரில் எத்தனை ஆயிரம் கணக்கு எண்களைப் பார்த்துப் பார்த்து எழுதினேன்? ஒன்றுகூட ஞாபகம் இல்லை. கண் மூன்று இலக்கத்தை எடுக்கும், கை போடும், அவ்வளவுதான். ஆனால் மாதக் கடைசியில் கணக்கு நேராகாமல், ஒரு வித்தியாசத்தைத் தேடி ராத்திரி எட்டு மணி வரை உட்கார்ந்தோமே, அந்தத் தொகைகள் சில இன்னும் நினைவில் இருக்கின்றன. தேடும்போது மனதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, எதிரே வருகிற ஒவ்வொன்றையும் "இது அதுவா?" என்று கேட்டுத் தள்ளிக்கொண்டே போகிறோம். பார்த்து எழுதும்போது அந்தக் கேள்வி வருவதே இல்லை. சொல்லை முழுதாகப் பார்க்காமல், வாயைத் திறக்காமல், பத்து முறை எழுதி முடித்துவிடலாம். தேடும் குழந்தையால் அப்படி முடியாது.

அப்போது வீட்டில் நிலைமை சரியாக இல்லை. வகுப்பு ஆசிரியை, "கொஞ்சம் ஸ்லோ, டியூஷன் வைத்தால் நல்லது" என்று சொல்லி அனுப்பியிருந்தார். மகள் ஆபீஸ் முடிந்து வந்து, பத்து முறையை இருபது முறையாக்கினாள். பேத்தி ஒரு நாள், "பாட்டி, எனக்குப் படிக்க வராது" என்றாள். ஐந்து வயதில்! அந்த வார்த்தைதான் என்னை அட்டை வெட்ட உட்கார வைத்தது.

இனி, செய்த முறையைச் சொல்கிறேன்.

சார்ட் பேப்பரை மூன்று அங்குலத்துக்கு இரண்டு அங்குலமாக வெட்டிக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஐந்து சொல், சொல்லுக்கு மூன்று அட்டை, ஆக பதினைந்து. எல்லா அட்டையும் ஒரே நிறமாக இருக்க வேண்டும், கருப்பு மார்க்கரில் சின்ன எழுத்தில் எழுத வேண்டும். கூட்டெழுத்து வேண்டாம். புத்தகத்தில் வருவது தனித்தனி எழுத்துதான்.

முதல் நாள் தேடல் கிடையாது, அறிமுகம் மட்டும். இதைத் தவிர்த்துவிட்டு நேராக விளையாட்டுக்குப் போனால் பலன் பாதிதான். நாங்கள் செய்தது இப்படி. 'செட்' என்று வாயால் சொல்லச் சொன்னேன். என்னென்ன சத்தம் கேட்கிறது என்று விரல் விட்டு எண்ணினோம். ஸ், எ, ட். மூன்று சத்தம். இப்போது அட்டையைக் காட்டினேன். முதல் எழுத்து எஸ், ஸ் என்கிறது, சரி. கடைசி எழுத்து டி, ட் என்கிறது, அதுவும் சரி. நடுவில் இருக்கும் ஏ, ஐ இரண்டும் சேர்ந்துதான் 'எ' என்று ஏமாற்றுகின்றன. "இதில் திருடன் யார்?" என்று கேட்டால் நடு இரண்டையும் விரலால் அமுக்குவாள். அதன் அடியில் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு. அறிமுக அட்டையில் மட்டும்தான் அந்தக் கோடு, தேடும் அட்டைகளில் கிடையாது.

சைட் வேர்ட் என்றால் படம் மாதிரி அப்படியே மனதில் பதிய வைப்பது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது சரியில்லை. இந்தச் சொற்களில் பெரும்பாலான எழுத்துகள் ஒழுங்காகத்தான் ஒலிக்கின்றன. 'ஹேவ்' என்பதில் கடைசி இ மட்டும் சும்மா நிற்கிறது, மற்ற மூன்றும் நேர்மையானவை. எங்கே ஏமாற்று என்று தெரிந்தால் குழந்தை அந்த ஓர் இடத்தை மட்டும் ஞாபகம் வைத்தால் போதும். முழுச் சொல்லையும் உருவமாக ஞாபகம் வைக்கச் சொன்னால், சில சொற்கள் வரை தாங்கும். அதற்கு மேல் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும்.

இரண்டாம் நாளிலிருந்து தேடல். பதினைந்து அட்டையையும் ஹாலில் வைப்பேன். சோபா மெத்தைக்கு மேலே, டிவி மேசையில், செருப்பு ஸ்டாண்டில், எல்லாம் கண்ணில் படும் இடங்களில். ஒளித்து வைக்கவில்லை. அட்டையைக் கண்டுபிடிப்பது விளையாட்டு இல்லை, சொல்லைக் கண்டுபிடிப்பதுதான் விளையாட்டு. "செட் மூன்று இருக்கிறது, கொண்டு வா" என்பேன். ஒவ்வொன்றையும் எடுக்கும்போது சொல்லை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், என் கையில் கொடுக்கும்போது மறுபடி சொல்ல வேண்டும். வேறு சொல்லை எடுத்து வந்தால் "தப்பு" என்று சொல்ல மாட்டேன். அறிமுக அட்டையைப் பக்கத்தில் வைத்து, "முதல் எழுத்து ஒன்றா? நடுவில்?" என்று ஒப்பிடச் சொல்வேன். வங்கியில் மாதிரிக் கையெழுத்தோடு செக்கை ஒப்பிடுவது போலத்தான். பத்து நிமிடம், அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட வேண்டாம். குழந்தை "இன்னும் ஒரு ஆட்டம்" என்று கேட்கும்போதே நிறுத்திவிட வேண்டும்.

மூன்றாம் நாள் ஒரு மாற்றம் செய்தேன். நான் சொல்லைச் சொல்லிக்கொண்டே இருந்தால் அவள் காதால் கேட்டதைத் தேடுகிறாளே தவிர, தானாகப் படிப்பதில்லை. அதனால் ஓர் அட்டையைப் பேசாமல் காட்டிக் கவிழ்த்துவிட்டேன். "இதே சொல்லைக் கொண்டு வா, என்ன சொல் என்றும் சொல்." இப்போது படித்தால்தான் தேட முடியும். நான்காம் நாள், அட்டையை விட்டுவிட்டுக் கதைப் புத்தகம். ஒரு பக்கத்தைத் திறந்து, "இதில் 'செட்' எத்தனை?" என்பேன். அவள் எண்ணி முடித்ததும் அந்த வரிகளைச் சேர்ந்து படிப்போம். 'செட்' என்பது யாரோ ஏதோ சொன்னார்கள் என்று காட்டும் சொல் என்பது அவளுக்கு அங்கேதான் புரிந்தது.

வெள்ளிக்கிழமை சரிபார்ப்பு. ஐந்து அட்டையைக் கலைத்து ஒவ்வொன்றாகக் காட்டுவேன். மனதுக்குள் மூன்று எண்ணுவதற்குள் சொல்லிவிட்டால் வரவு. இல்லையென்றால் நிலுவை, அடுத்த வாரத்துக்குப் போகும். பழைய பாஸ் புத்தகம் ஒன்றில் இப்படியே எழுதி வந்தேன். அந்த முதல் வாரச் சொற்கள் செட், வாஸ், கம், ஹேவ், யூ. நான்கு வரவு, 'வாஸ்' நிலுவை.

எனக்குச் சந்தோஷம். ஆனால் ஒரு சந்தேகமும் வந்தது. 'யூ' அட்டையைக் காட்டு முன்பே சொல்லிவிடுகிறாளே! உற்றுப் பார்த்தால், ஓர் அட்டையின் மூலை மடங்கியிருந்தது, இன்னொன்றில் மஞ்சள் கறை. அவள் கறையைப் படித்திருக்கிறாள்! புதிதாக ஓர் அட்டை எழுதிக் காட்டினேன். திருதிருவென்று விழித்தாள். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைக்கு எப்போதும் புது அட்டைதான், முடிந்தால் மகள் கையெழுத்தில். அதோடு புத்தகத்தில் ஒரு வரியும் படிக்க வேண்டும். வேறு கையெழுத்திலும் அச்சிலும் படித்தால்தான் அது சொல்லின் கணக்கில் வரவு.

அச்சில் இன்னொரு சிக்கல் உண்டு. நம் குழந்தைகள் எழுதும் 'ஏ' உருண்டை, பக்கத்தில் ஒரு கோடு. பல புத்தகங்களில் அச்சாகும் 'ஏ'-வுக்கு மேலே ஒரு கொக்கி வளைவு இருக்கும். பேத்திக்கு அது வேறு எழுத்தாகத் தெரிந்தது. 'வாஸ்' நிலுவையில் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். இரண்டு வடிவத்தையும் ஒரே அட்டையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டியதும் தெளிந்துவிட்டது.

'வாஸ்' பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். டபிள்யூ, ஏ, எஸ். இதைத் திருப்பிப் போட்டால் எஸ், ஏ, டபிள்யூ, அதாவது 'சா'. பார்த்தான் என்று பொருள். வங்கியில் 63 ரூபாயை 36 என்று போட்டுவிட்டால் வித்தியாசம் 27 வரும். இலக்கம் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் 9-ஆல் வகுபடும். அதை வைத்தே பிழையைப் பிடித்துவிடுவோம். குழந்தைக்கு அப்படி ஒரு சூத்திரம் கிடையாது. அதனால் ஒரு வழிதான் உண்டு. ஒன்று நன்றாக உறுதியாகும் வரை மற்றதைக் காட்டாதீர்கள். எங்கள் பள்ளிப் பட்டியலில் இரண்டும் ஒரே வாரத்தில் வந்திருந்தன. நான் 'சா'வை எடுத்து வைத்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து, 'வாஸ்' வரவில் ஏறிய பிறகுதான் வெளியே எடுத்தேன். அப்போது இரண்டையும் கலந்து, "வாஸ் மட்டும் பொறுக்கு" என்று விட்டேன். ஆரம்பத்தில் எதை எடுத்தாலும் இடது கை விரலை முதல் எழுத்தில் வைத்து, அந்தச் சத்தத்தைச் சொல்லிவிட்டுத்தான் சொல்லைச் சொல்ல வேண்டும் என்று விதி வைத்தோம். நாலு நாளில் விரல் தேவைப்படவில்லை.

நான் செய்த தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சனிக்கிழமை மேல் மாடிப் பையனையும் கூப்பிட்டேன். அவனுக்கு ஏழு வயது. பந்தயம் மாதிரி ஆகிவிட்டது. அவன் பதினாலு அட்டையைப் பொறுக்கிவிட்டான், பேத்தி ஒன்றோடு அழுதுகொண்டு நின்றாள். வேகமாக ஓடுகிறவன்தான் ஜெயிக்கிறான், படிக்கிறவன் அல்ல. இரண்டு குழந்தை இருந்தால் ஆளுக்கு வேறு வேறு சொல் கொடுங்கள். நீ 'கம்' தேடு, அவள் 'ஹேவ்' தேடட்டும். அடுத்தவர் சொல்லைக் கண்டால் தொடாமல் தாண்டிப் போக வேண்டும். அப்படித் தாண்டிப் போவதற்கும் அந்தச் சொல்லைப் படித்தாக வேண்டுமே!

ஞாயிற்றுக்கிழமைகளில் நம் வளாகத்தையே சுற்றி வந்தோம். லிஃப்ட் வாசல், அறிவிப்புப் பலகை, பார்க்கிங். முதல் நாள் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஏனென்றால் நம் பலகைகள் எல்லாம் பெரிய எழுத்தில் இருக்கின்றன. வீட்டு அட்டை சின்ன எழுத்தில். ஐந்து வயதுக்கு இரண்டும் வேறு வேறு சொல். செயலாளர் சாரிடம் கேட்டுக்கொண்டேன், இப்போது வருகிற சுற்றறிக்கைகள் வழக்கமான சின்ன எழுத்தில் வருகின்றன. போன மாதத் தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்யும் அறிவிப்பில் 'தி' ஐந்து முறை வந்திருந்தது. பெரியவர்கள் யாரும் அந்த அறிவிப்பை அவ்வளவு கவனமாகப் படித்திருக்க மாட்டார்கள்!

எழுதவே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். தேடல் விளையாட்டு படிக்கக் கற்றுக்கொடுக்கும், எழுதக் கற்றுக்கொடுக்காது. 'செட்' என்று தயங்காமல் படிக்கும் குழந்தை, எழுதச் சொன்னால் எஸ், இ, டி என்று எழுதலாம். அதற்கு நாங்கள் வைத்தது மூன்றே முறை. சொல்லைப் பார், மூடு, சத்தமாகச் சொல், எழுது, திறந்து சரிபார். பார்க்காமல் எழுதுவதால் மேலிருந்து கீழாகப் பத்து எஸ் போட வழியே இல்லை. பள்ளி வேலைக்கு, பத்து முறையும் எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், ஒரு வரியை முடித்துவிட்டுத்தான் அடுத்த வரி, ஒவ்வொரு வரி முடிவிலும் சொல்லை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு செய்தோம். பிறகு மகள் ஆசிரியையைப் பார்த்து, மேலிருந்து கீழே எழுதிய அந்தப் பக்கத்தைக் காட்டினாள். அவர் சிரித்துவிட்டார். ஐந்து முறை எழுதினால் போதும் என்று ஒப்புக்கொண்டார். சண்டை போடத் தேவையே இருக்கவில்லை.

இன்னொன்று. இது எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நான் சொல்லவில்லை. எழுத்துகளின் சத்தமே இன்னும் தெரியாத குழந்தைக்கு இந்த விளையாட்டு வெறும் ஓட்டம்தான். முதலில் சத்தம் வரட்டும். ஒரே ஐந்து சொல்லை ஆறேழு வாரம் நிதானமாக விளையாடியும் வரவில்லை என்றால் கண்ணையும் காதையும் ஒரு முறை மருத்துவரிடம் காட்டுங்கள். அவை நன்றாக இருந்தும் தடுமாறினால் பள்ளியில் சிறப்பு ஆசிரியர் இருக்கிறாரா என்று கேளுங்கள். ஆனால், அதற்கு முன்னால் "ஸ்லோ" என்ற முத்திரையைக் குத்திவிடாதீர்கள்.

பேத்தி இப்போது முதல் வகுப்பு. பாஸ் புத்தகத்தில் வரவு 84 சொல், நிலுவை ஆறு. அந்த ஆறில் நாலு சொல் மூன்று மாதமாக நிலுவையில்தான் நிற்கின்றன. நிற்கட்டும். போன வாரம் லிஃப்டில் வரும்போது ஒட்டியிருந்த காகிதத்தை அவளே வாசித்துவிட்டு, "பாட்டி, நாளைக்குக் காலையில் தண்ணீர் வராதாம்" என்றாள். இரண்டு குடம் பிடித்து வைத்தேன்.

அட்டைகளை உறை போட்டுச் சங்க நூலக அலமாரியில் வைத்திருக்கிறேன். ஓர் உறைக்கு ஒரு வாரச் சொற்கள். எடுத்துப் போய் விளையாடிவிட்டுத் திருப்பி வைத்துவிடுங்கள். கறை பட்டால் மட்டும் தயவுசெய்து புதிதாக எழுதி வையுங்கள்.